முன்காலில் தடிக்கும் சருமம், உருண்டு பருக்கும் விரல்நுனி: கிரேவ்ஸ் நோயின் வெளி அடையாளங்கள்

கழுத்தின் முன்புறத்தில் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பி, சரீரத்தின் தேவைக்கு மிஞ்சிச் சுரக்கத் தொடங்குவதால் விளையும் வியாதிகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், சுரப்பியோடு நில்லாமல் கண்ணையும் காலையும் விரலையும் தொட்டுச் செல்வதும், டப்ளின் நகரத்து வைத்தியரான ராபர்ட் கிரேவ்ஸ் 1835ஆம் ஆண்டில் விவரித்து எழுதியமையால் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அவர் பெயராலேயே அறியப்படுவதுமான நோய், உண்மையில் அவர் ஒருவரால் மட்டும் கண்டறியப்பட்டதன்று. இங்கிலாந்தில் பாத் நகரத்தவரான காலெப் பாரி எழுதி வைத்திருந்த குறிப்புகள் அவர் காலமான பின்னர் 1825இல் அச்சாயின. ஜெர்மானிய வைத்தியரான பாஸெடோவ் 1840இல் தாம் கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். இம்மூவரும் கழலை, படபடக்கும் இருதயம், வெளியே பிதுங்கும் விழி ஆகியவற்றிலேயே மனத்தைச் செலுத்தினர். சருமத்தையும் நகத்தையும் பற்றிய ஆராய்ச்சி பின்னர் மெல்ல மெல்லவே வளர்ந்தது.

இந்நோயில் சருமத்திலும் நகத்திலும் காணும் மாறுதல்களையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிச் சொல்வது பாடநூல்களின் வழக்கமாக இருந்துவருகிறது. அவ்வாறு அடுக்குவதால் படிப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அவை இரண்டு வெவ்வேறு காரணங்களிலிருந்து பிறந்தவை. ஒரு வகை, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்துவிட்டதனால் வருவது. ஹார்மோன் தணிந்தால் அதுவும் தணியும். மற்றொரு வகை, ஹார்மோனை மிகவைத்த எதிர்ப்பொருள்களே நேராகச் சருமத்தைத் தாக்குவதனால் வருவது. அது ஹார்மோன் தணிந்த பிறகும் தங்கும், சில சமயம் தணிந்த பிறகுதான் தோன்றவே செய்யும். முன்காலின் தடிப்பும் விரல்நுனியின் பருமனும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இப்பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், புதிர்போலத் தோன்றும் பல விஷயங்கள் தாமே விளங்கும்.

முதல் வகையை முதலில் பார்ப்போம். ஹார்மோன் மிகும்போது சருமத்துக்குச் செல்லும் ரத்த நாளங்கள் விரிகின்றன. வியர்வைச் சுரப்பிகள் ஓயாது வேலை செய்கின்றன. ஆகவே நோயாளியின் கையைப் பற்றிய மாத்திரத்தில், அது வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும், தொடுவதற்கு மிக மிருதுவாகவும் இருப்பதை வைத்தியர் உணர்கிறார். மனக்கலக்கத்தால் நடுங்குகிறவரின் கையும் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் அது குளிர்ந்திருக்கும். நடுக்கமும் படபடப்பும் இருவருக்கும் பொதுவாகையால், கையின் வெப்பம் ஒன்றே இவர்களைப் பிரித்துக் காட்டும் நேரங்கள் உண்டு. தலைமயிர் மெலிந்து சீராக உதிர்வதும், உடம்பில் தடிப்பின்றியே அரிப்பு எடுப்பதும் இவ்வகையினவே.

நகத்தில் காணும் மாறுதலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் பணிபுரிந்த ஹென்றி பிளம்மரின் பெயரால் வழங்கும் இந்த மாறுதலில், நகம் தன் படுகையிலிருந்து நுனிப்புறமாகப் பிரிகிறது. பெரும்பாலும் மோதிர விரலில் தொடங்கி, பின்பு மற்ற விரல்களுக்குப் பரவும். நகத்தின் இளஞ்சிவப்புப் பகுதிக்கும் வெண்ணிற நுனிக்கும் இடையே இயல்பாக ஒழுங்காக வளைந்து செல்லும் எல்லைக்கோடு, ஓரிடத்தில் உள்வாங்கிக் கோணலாகிறது. நாளடைவில் வெண்மை நகத்தின் பாதிவரை சென்றுவிடுகிறது. பிரிந்த இடைவெளியில் அழுக்குச் சேர்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போவதில்லை. பார்ப்பவர்கள் காளான் தொற்றென்று கருதி மாதக்கணக்கில் அதற்குரிய மருந்தைத் தடவச் செய்வதுண்டு. காளான் பற்றிய நகம் பெரும்பாலும் தடித்து, மஞ்சள் பூத்து, உதிரும் தன்மையதாக இருக்கும்; இந்த நகமோ தடிப்பதில்லை, பளபளப்பும் இழப்பதில்லை, பிரிந்து மட்டும் நிற்கும். ஓயாமல் நீரிலும் சோப்பிலும் கை நனைப்பவர்களுக்கும், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும் இவ்வாறு பிரிவதுண்டாகையால், நகத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டலாகாது. ஆனால் காரணம் புலப்படாமல் நகம் பிரிந்தவருக்கு ஒரு முறை தைராய்டுப் பரிசோதனை செய்துவிடுவது நலம். ஹார்மோன் சமநிலைக்கு வந்தபின் புதிய நகம் படுகையோடு ஒட்டியே வளரும். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்வதாகையால், முழு நகமும் புதிதாவதற்கு ஆறு மாதமளவு பொறுத்திருக்க வேண்டும்.

வெண்புள்ளியும் திட்டுத்திட்டான புழுவெட்டும் கிரேவ்ஸ் நோயாளிகளிடம் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன. அவை தைராய்டின் விளைவுகளல்ல. உடம்பின் தற்காப்பு அமைப்பு தன் உறுப்புகளையே பகைக்கும் சுபாவம் உள்ளவர்களிடம் உடன்தோன்றும் தனி நோய்கள்.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் என்னும் இருவர், 1956ஆம் ஆண்டில், கிரேவ்ஸ் நோயாளிகளின் ரத்தநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் தூண்டுபொருளைக் காட்டிலும் நெடுநேரம் தைராய்டைத் தூண்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று அதில் இருப்பதைக் கண்டனர். அது ஒரு ஹார்மோன் அன்று, எதிர்ப்பொருள் என்பது பின்னர் தெளிவாயிற்று. பிட்யூட்டரியின் தூண்டுபொருளை ஏற்றுக்கொள்வதற்காகத் தைராய்டு உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்த ஏற்பியின்மீது இந்த எதிர்ப்பொருள் சென்று பொருந்தி, சுரப்பியை ஓயாது தூண்டுகிறது. இதே ஏற்பி தைராய்டில் மட்டுமல்லாமல், விழிக்குப் பின்புறத்துத் திசுக்களிலும் சருமத்தின் உட்படலத்திலும் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் நார்த்திசு உயிரணுக்களிலும் சிறிதளவு இருக்கிறது என்பதுதான் இக்கதையின் திருப்புமுனை. எதிர்ப்பொருள் தூண்டும்போது அவ்வுயிரணுக்கள் ஹையலூரானிக் அமிலம் முதலான குழகுழப்பான பொருள்களை அளவின்றி உண்டாக்கிக் குவிக்கின்றன. அப்பொருள் நீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு ஊதி, சருமத்தின் நார்களை ஒன்றினின்றொன்று விலக்கி, நிணநீர் வடியும் நுண்குழல்களையும் நெருக்குகிறது. நீர் கட்டுண்டு கிடப்பதால்தான் இந்த வீக்கத்தை விரலால் அழுத்தினாலும் குழி விழுவதில்லை.

அப்படியானால் ஏன் முன்காலில்? எதிர்ப்பொருள் ரத்தத்தோடு உடம்பெங்கும் உலவுகிறது. நார்த்திசு உயிரணுக்களும் எங்கும் இருக்கின்றன. முன்காலின் உயிரணுக்கள் தனிச் சுபாவம் வாய்ந்தவை என்று சிலர் கருதினர். எனினும் என் மனத்துக்கு இசைவது வேறொரு விளக்கம். நிற்கும்போது கீழ்நோக்கிய இழுப்பால் நிணநீர் மெதுவாகவே மேலேறுகிறது. அதனால் தூண்டும் பொருள்களும் குவிந்த அமிலமும் அங்கேயே தேங்குகின்றன. எலும்புக்கும் தோலுக்கும் இடையே தசை மறைப்பு இல்லாத அவ்விடம் எளிதில் அடியும் படுகிறது. இவ்விளக்கத்துக்கு ஆதரவாக நிற்பவை, அபூர்வமாக வேறிடங்களில் தோன்றிய தடிப்புகளே: பழைய அறுவைத் தழும்பில், தீப்புண் ஆறிய இடத்தில், ஒட்டுத்தோல் எடுத்த இடத்தில், பாரம் சுமக்கும் தோளில் இவை வந்ததாக வைத்திய ஏடுகள் கூறுகின்றன. காயமும் அழுத்தமும் பட்ட இடத்தை நோய் தேடிச் செல்கிறது என்பதை இவை காட்டுகின்றன. சிகிச்சையில் இவ்வுண்மை எவ்வளவு பயன்படுகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

முன்கால் தடிப்பு கிரேவ்ஸ் நோயாளிகளுள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மிகாமலே காணப்படுகிறது. அவர்களுள் ஏறக்குறைய எல்லோருக்கும் கண்நோய் முன்பே வந்திருக்கும். முதலில் சுரப்பி, அதனோடு அல்லது சற்றுப் பின்னே கண், ஓரிரண்டு ஆண்டுகள் கழித்துக் கால், கடைசியாக விரல் என்று ஒரு வரிசையை நோய் பெரும்பாலும் பின்பற்றுகிறது. புகைபிடித்தல் கண்நோயைக் கடுமையாக்குவதுபோலவே காலையும் விரலையும் நோயின் வசமாக்குகிறது.

தடிப்பின் உருவம் பலவாறாக இருக்கும். மிகுதியாகக் காண்பது, எல்லை தெளிவின்றிப் பரந்து கெட்டிப்பட்ட வீக்கம். சிலருக்கு எல்லை தெளிந்த மேடுகள்; சிலருக்கு உருண்டையான முடிச்சுகள்; மிகச் சிலருக்குக் கால் முழுவதும் பருத்து யானைக்கால் போன்ற தோற்றம். மயிர்க்கால்கள் விரிந்து குழிந்து தோன்றுவதால் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல் காணப்படும். மேல்நாட்டு நூல்கள் செந்நிறமென்றும் ஊதா நிறமென்றும் வருணிப்பது நம்மவர்களின் தோலில் அவ்வாறு தெரிவதில்லை. இங்கே அது பழுப்பாகவோ கருமையாகவோ மெழுகு பூசியதுபோன்ற மினுமினுப்போடு தோன்றும். செம்மையைத் தேடிக்கொண்டிருக்கும் கண் இதனைத் தவறவிடும்.

இந்நோயின் போக்கு விளங்குவதற்காக, பல நோயாளிகளிடம் காணப்படும் அம்சங்களைத் திரட்டி அமைத்த ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது, நூற்பாலையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர், இளமை முதல் புகைபிடிப்பவர். எடை குறைந்து, நெஞ்சு படபடத்து, விழிகள் துருத்தியபோது அவருக்குக் கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. கார்பிமசோல் மாத்திரை சில காலம் உண்டார். நிறுத்தியபின் நோய் திரும்பியது. பிறகு கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்டது. சுரப்பி அடங்கி, இப்போது தைராக்ஸின் மாத்திரையோடு ரத்தப் பரிசோதனைகள் ஒழுங்காக இருக்கின்றன. இந்த நிலையில், அயோடின் கொடுத்து ஓராண்டுக்குப் பிறகு, இரு முன்கால்களிலும் தோல் தடிக்கிறது. செருப்பின் வார் இறுகுகிறது.

அவரும் அவர் குடும்பத்தாரும் யானைக்கால் என்றே அஞ்சுவார்கள். அந்த வட்டாரத்தில் அந்த அச்சம் இயல்பானதே. யானைக்கால் நோய் பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும். குளிர்காய்ச்சலும் தொடையிடுக்கில் நெறிகட்டும் வலியும் முன்னதாக வந்துபோயிருக்கும். தொடக்க நாள்களில் அழுத்தினால் குழி விழும். பாதத்திலும் கணுக்காலிலும் தொடங்கி, விரலிடுக்குகளில் மடிப்பு விழுந்து புண்ணாகும். கிரேவ்ஸ் தடிப்போ இரு கால்களிலும், முன்காலின் கீழ்ப்பாதியில், காய்ச்சலின்றி, வலியின்றித் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குமேல் எடுத்த ரத்தத்தில் கிருமியைத் தேடுவதும், எந்நேரமும் செய்யத்தக்க ஆன்டிஜன் பரிசோதனையும் இருக்கின்றன. ஆயினும் நாள்பட்ட யானைக்காலில் கிருமி காணப்படாமல் போவதும் உண்டு என்பதால், அவை இல்லை என்று சொன்னால் அதை மட்டும் நம்பிவிடலாகாது. இங்கே உறுதி தருவது, பழைய தைராய்டு வரலாறும் விழியின் தோற்றமும் ரத்தத்தில் உயர்ந்து நிற்கும் ஏற்பி எதிர்ப்பொருளுமே ஆகும். முன்கால் தடிப்பு உள்ளவர்களிடம் அந்த எதிர்ப்பொருளின் அளவு பெரும்பாலும் மிக உயர்ந்திருக்கும்.

அடுத்து வரும் தவறு, தைராய்டு அளவுகள் சரியாக இருப்பதைக் கண்டு, ஆகவே இது தைராய்டின் வேலையன்று என்று முடிவுசெய்வது. ஹார்மோன் வேறு, எதிர்ப்பொருள் வேறு என்று மேலே பிரித்தது இங்கேதான் கைகொடுக்கிறது: சுரப்பியை அழித்தாலும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் உலவக் கூடும், கதிரியக்க அயோடினுக்குப் பின் சில மாதங்கள் அது உயர்வதும் உண்டு. மூன்றாவது தவறு, வீக்கம் என்றவுடன் நீர்பெருக்கி மாத்திரை கொடுப்பது. கட்டுண்ட நீரை அது அசைப்பதில்லை. நோயாளி சிறுநீர் மிகுந்து சோர்வதுதான் மிச்சம். நான்காவது, ஐயத்தைத் தீர்ப்பதற்காகத் தோலை வெட்டியெடுத்துப் பார்ப்பது. வரலாறு தெளிவாக இருக்குமிடத்தில் அது தேவையில்லை. காயம் பட்ட இடத்தைத் தேடிச் செல்லும் நோயில், தேவையின்றி ஒரு புதுக் காயத்தை உண்டாக்குவது உசிதமன்று. கண்நோய் இல்லாதவரிடமும், ஒரு காலில் மட்டும் தடிப்பு வந்தவரிடமும் அது அவசியமாகலாம்.

சிகிச்சை, தடிப்பின் அளவைப் பொறுத்தது. சிறு தடிப்பு, உறுத்தலும் இல்லை என்றால், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சையே; பலருக்குச் சில ஆண்டுகளில் அது தானே குறைகிறது. நம் தொழிலாளியைப் போலத் தடிப்பு பரந்து செருப்பு போட இடைஞ்சல் செய்தால், கிளோபெட்டசால் போன்ற வீரியமுள்ள ஸ்டீராய்டுக் களிம்பை, 0.05 சதவீத அளவில், இரவில் தடிப்பின்மீது மட்டும் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் சுற்றி, காலையில் எடுத்துவிட வேண்டும். படலம் சுற்றுவதால் மருந்து தடித்த தோலின் ஆழத்துக்கு இறங்குகிறது. சுற்றாமல் பூசினால் மேலேயே நின்றுவிடும். சில வாரங்கள் இவ்வாறு செய்து, தோல் மிருதுவானதும் வாரத்துக்கு ஓரிரு முறையாகக் குறைக்க வேண்டும். சுற்றியிருக்கும் நல்ல தோல் மெலிந்து, மினுங்கி, ரத்த நாளக் கோடுகள் தெரியத் தொடங்கினால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அறிய வேண்டும். தடிப்பு நெடுங்காலமானதாயின் இப்பலன் குறைகிறது. புதிதாக இருக்கும்போதே தொடங்குவதுதான் நன்மை.

களிம்போடு, பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை இறுக்கும் காலுறையை, 20 முதல் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தருவதாக, காலையில் எழுந்ததும் அணிய வேண்டும். ஆனால் இவர் புகைபிடிப்பவர். காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளே குறுகியிருக்கக் கூடும். பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளாமல் இறுக்கமான உறையை அணிவித்தால், நன்மைக்குப் பதில் விரல்கள் கருகும் அபாயம் உண்டு. புகையை விடச் சொல்வதும், வேலைக்கு நடுவே உட்காரவும் காலைத் தூக்கி வைக்கவும் இடந்தரச் சொல்வதும் மருந்துச் சீட்டில் எழுதத்தக்கவையே. முடிச்சுகளை வெட்டி எடுத்துவிடலாமா என்று நோயாளிகள் கேட்பார்கள். வெட்டிய தழும்பிலேயே அது மறுபடி தடித்துவருவதால் அறுவையை வைத்தியர்கள் தவிர்க்கிறார்கள்.

கண்நோய்க்காக அமெரிக்காவில் 2020இல் அனுமதிக்கப்பட்ட டெப்ரோடுமுமாப் என்னும் மருந்து, நார்த்திசு உயிரணுவில் தைராய்டு ஏற்பியோடு இணைந்து இயங்கும் மற்றோர் ஏற்பியைத் தடுப்பது. கண்ணுக்காக அதைப் பெற்றவர்கள் சிலருக்கு முன்கால் தடிப்பும் வெகுவாகக் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். அது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் தனித்தனி நோயாளிகளின் வரலாறாகவே அது பெரிதும் கிடைக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக எட்டு முறை நாளத்தில் ஏற்ற வேண்டியதும், விலை மிக உயர்ந்ததும், கேள்விப்புலனைக் குறைக்கவும் ரத்தச் சர்க்கரையை உயர்த்தவும் கூடியதுமான அந்த மருந்தை, காலின் தடிப்புக்காக மட்டும் கொடுக்கும் நாள் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

விரலைப் பற்றி இதுவரை சொல்லாமல் வைத்ததற்குக் காரணம், நோயும் அதனைக் கடைசியாகவே கொண்டுவருகிறது என்பதுதான். முன்கால் தடிப்பு உள்ளவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு விரல்நுனிகள் உருண்டு பருக்கின்றன. நகத்துக்கும் அதன் அடித்தோலுக்கும் இடையேயுள்ள கோணம் நிரம்பி மறைகிறது. நகத்தின் அடியை அழுத்தினால் மிதப்பதுபோல் அசைகிறது. விரலின் மென்பகுதிகள் தடிக்கின்றன. மோதிரம் கழல மறுப்பதையே நோயாளி முதலில் சொல்வார். இதனை வீட்டிலேயே அறிவதற்கு எளிய வழியொன்றுண்டு. தென்னாப்பிரிக்காவின் இருதய வைத்தியரான லியோ ஷாம்ராத், தமக்கே இருதய உட்படலத்தில் தொற்று வந்தபோது தம் விரல்களில் கண்டு, 1976இல் வெளியிட்டது அது. இரு கைகளின் ஒரே விரல்களை மடக்கி, கடைசிக் கணுக்களின் முதுகும் நகங்களும் ஒன்றையொன்று தொடுமாறு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால், நகங்களின் அடியில் சாய்சதுர வடிவான ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும். விரல்நுனி பருத்தவருக்கு அது தெரியாது.

எலும்பிலும் மாறுதல் உண்டு. கை எக்ஸ்ரேயில், உள்ளங்கை எலும்புகளிலும் விரலெலும்புகளிலும், குறிப்பாக அவற்றின் நடுத்தண்டில், எலும்பை மூடிய படலத்தின் கீழ்ப் புதிய எலும்பு சொரசொரப்பாகவும் குமிழிகுமிழியாகவும் படிந்திருக்கும். விசேஷம் என்னவென்றால், இவ்வளவு மாறுதலிலும் பெரும்பாலோருக்கு வலி இராது.

நம் தொழிலாளிக்கு இப்போது விரல்கள் பருக்கின்றன என்று கொள்வோம். கிரேவ்ஸ் நோய் இருக்கிறது, முன்கால் தடிப்பும் இருக்கிறது, ஆகவே விரலும் அதனைச் சேர்ந்ததே என்று அமைதியடைந்துவிடுவது பெரிய அபாயம். விரல்நுனி பருமனுக்கு நுரையீரல் புற்றுநோய், நெடுங்காலச் சீழ்ப்பிடிப்பு, இருதயத் தொற்று முதலிய காரணங்களும் இருக்கின்றன; தைராய்டு விரலும் நுரையீரல் புற்றும் புகைபிடிப்பவர்களையே தேடி வருகின்றன. ஆகவே இவருக்கு மார்பு எக்ஸ்ரேயும், அதில் ஐயமிருந்தால் ஸ்கேனும் எடுத்தே தீர வேண்டும். பிரித்தறியும் குறிகள் சில உள்ளன. நுரையீரலால் வரும் எலும்பு மாறுதல் முழங்கையின் கீழும் முழங்காலின் கீழுமுள்ள நீண்ட எலும்புகளைப் பற்றும். மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிக் கடுமையாக வலிக்கும். தைராய்டால் வருவது கையிலும் பாதத்திலுமுள்ள சிறு எலும்புகளில் நின்றுவிடும், வலிக்காது. கண்நோயும் முன்கால் தடிப்பும் இல்லாத கிரேவ்ஸ் நோயாளிக்கு விரல் மட்டும் பருத்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று கொண்டு தேடத் தொடங்க வேண்டும்.

விரலின் பருமனைத் திருப்பி இயல்பாக்கும் தனி மருந்து இதுவரை இல்லை. தோலின் மேல்வீக்கத்துக்கு அதே களிம்பை முயன்று பார்க்கலாம். எலும்பின் படிவுக்கு எதுவும் செய்வதற்கில்லை, வலியின்றி நிற்பதால் செய்ய வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. இந்நிலைக்கு வந்தவரின் கண்நோய் பெரும்பாலும் கடுமையான வகையைச் சேர்ந்தது என்பதால், பருத்த விரலோடு வந்தவரைக் கண் வைத்தியரிடமும் தவறாமல் அனுப்ப வேண்டும். மோதிரம் இறுகும் முன்பே கழற்றி வைக்கச் சொல்வதும், பல ஆண்டுகள் வலியின்றி இருந்த விரலோ மணிக்கட்டோ புதிதாக வலித்தால், தைராய்டு அட்டையைப் புரட்டுவதோடு நில்லாமல், மார்பு எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.